வெளுத்துப்போன கத்தரிப்பூ கலர்: கேஸ் யார் மேல்?

*வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் மேற்குப் பார்த்த வீடு எங்களுடையது. போன வருஷம் பொங்கலுக்கு முந்தி வெளிப்பெயிண்ட் அடித்தோம். முன்பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம், கீழே மூன்றடிக்குச் செங்கல் நிறப் பட்டை. கடைக்காரர் ஏழு வருஷ வாரண்டி என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரே வருஷத்தில் கத்தரிப்பூ வெளுத்து, சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் "பெயிண்டர் தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டான்" என்கிறார். பெயிண்டர் "சரக்கு சரியில்ல அம்மா" என்கிறார். கம்பெனி ஆள் வந்து பார்த்து, கலர் மங்கினால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பில்லும் பெயிண்டர் பெயரில் இருக்கிறது. கேஸ் போட முடியுமா?*
*— ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி*

போடலாம் அம்மா. ஆனால் வாரண்டியைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கம்பெனி ஆள் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வெளிச்சுவர் பெயிண்டுக்குத் தரும் வாரண்டியில் பொதுவாக உரிந்துவருவது, செதில் செதிலாகப் பெயர்வது, பாசி, பூஞ்சை பிடிப்பது ஆகியவைதான் இருக்கும். நிறம் மங்குவதைச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் குறிப்பிட்ட சில ஷேடுகளுக்கு மட்டும்தான். பொடி எழுத்தில் அது அச்சாகியிருக்கும். "வாரண்டிப்படி கொடு" என்று கேட்டால் முதல் நாளே அந்தத் தாளை எடுத்துக் காட்டிவிடுவார்கள். உங்கள் கேள்வி வேறாக இருக்க வேண்டும்: வெயிலில் நிற்காத ஒரு ஷேடை, மேற்குச் சுவருக்கு என்று தெரிந்தும், சொல்லாமல் ஏன் விற்றீர்கள்?

அதைக் கேட்பதற்கு முன்னால் சுவர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். மூன்று விஷயம் பாருங்கள், செலவே இல்லை.

ஒன்று, முன்பக்கத்தில் மீட்டர் பெட்டியோ விளக்கோ இருந்தால் அதைக் கழற்றி (எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத்தான்) பின்னால் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே நிழல் விழும் இடத்தையும் பாருங்கள். அங்கே கத்தரிப்பூ அப்படியே இருந்தால் வெளுத்ததற்கு வெயில்தான் காரணம். இரண்டு, ஒரு கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாம்பல் மாதிரி நிறையப் பொடி ஒட்டினால், நிறத்தைப் பிடித்துவைக்கும் பசையே சிதைந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் அதிகம் கலந்தாலும் இது வரும், மட்டமான சரக்கு என்றாலும் வரும். மூன்று, தரையை ஒட்டிய இடங்களில், தண்ணீர் ஒழுகும் இடங்களில் மட்டும் வெள்ளை உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சுவரின் ஈரமும் சிமெண்டின் காரமும் காரணம். புதுப் பூச்சு 28 நாள்கூடக் காயாமல் அடித்தால் இது வரும். அதற்குப் பெயிண்டைக் குற்றம் சொன்னால் எடுபடாது.

உங்கள் வீட்டில் இன்னொரு சாட்சி நின்றுகொண்டிருக்கிறது. கீழே இருக்கும் செங்கல் நிறப் பட்டை. அது மங்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மங்கியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே பெயிண்டர், அதே வாரம், அதே சுவர், அதே மழை. ஒன்று வெளுத்தது, மற்றது அப்படியே இருக்கிறது என்றால், "தண்ணி ஜாஸ்தி" என்ற பேச்சு நிற்காது. தண்ணீரைக் கத்தரிப்பூவுக்கு மட்டும் ஜாஸ்தியாக ஊற்றியிருப்பாரா?

இது ஏன் என்று கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். செங்கல் நிறம், மஞ்சள் காவி, சந்தனம், பிரவுன் எல்லாம் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடில் இருந்து வருபவை. சுருக்கமாகச் சொன்னால் துரு. ஏற்கெனவே துருப்பிடித்ததை வெயில் இன்னும் என்ன செய்துவிடும்? கோயில் மதில்களில் அடிக்கும் காவி வருஷக்கணக்காக நிற்பதும் அதனால்தான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, சாம்பல் நிறத்துக்குக் கரிக்கறுப்பு. இவையும் வெயிலுக்கு அசையாது. ஆனால் கத்தரிப்பூ, ரோஸ், எலுமிச்சை மஞ்சள், பளிச்சென்ற ஆரஞ்சு ஆகியவை பெரும்பாலும் கரிமச் சாயங்களால் வருபவை. புற ஊதாக் கதிர் அந்த மூலக்கூறுகளை உடைத்துவிடும். வெயிலைத் தாங்கும் விலை உயர்ந்த கரிமச் சாயங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் டின்டிங் மெஷின் வெள்ளை பேஸில் சில சொட்டு விட்டுக் கலக்கிக் கொடுக்கும்போது, அந்தச் சொட்டு எந்த ரகம் என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று, வெள்ளை அதிகமாகக் கலந்த வெளிர் ஊதா, அடர் ஊதாவைவிடச் சீக்கிரம் மங்கும். இருப்பதே கொஞ்சம் சாயம், அதில் பாதி போனால் வெறும் வெள்ளைதான் மிச்சம்.

உங்கள் ஊரில் அப்பளம் காயப்போடும் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பார்த்த சுவர் மத்தியானத்திலிருந்து அதைத்தான் வாங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து, பொடித்துப்போன மேல்பூச்சைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் மழைக்காலம் முடிந்ததும் திடீரென்று வெளுத்தமாதிரி தெரியும். பாளையங்கோட்டையில் என் பழைய ஆபீஸ் போர்டிலும் இதே கதைதான். ரோஸில் எழுதிய "வழக்கறிஞர்" காணாமல் போய், கறுப்பில் எழுதிய போன் நம்பர் மட்டும் மிஞ்சியது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல், விற்பவர் சொன்ன தரம் இல்லாவிட்டால் அது பொருளின் குறைபாடு. பிரிவு 2(10) அதைத்தான் சொல்கிறது. பொருள் இவ்வளவு காலம் உழைக்கும் என்று போதுமான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உறுதி கொடுத்தால், அது பிரிவு 2(47)-ன் கீழ் முறையற்ற வணிக நடைமுறை. 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம் பிரிவு 16-ம் கைகொடுக்கும். "வெளிச்சுவருக்கு வேண்டும்" என்று சொல்லி, கடைக்காரர் அறிவை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். பிராண்டு பெயரைச் சொல்லி வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு, எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வரும். பிராண்டு எதுவாக இருந்தாலும் ஷேடைக் கலந்து கொடுத்தது கடைக்காரர் என்பது நம் பதில்.

உங்கள் பக்கம் பலவீனம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து அந்த ஷேட் கார்டை வாங்கிப் பாருங்கள். சில கார்டுகளில், வெளிச்சுவருக்கு ஆகாத ஷேடுகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். உங்கள் ஷேட் நம்பருக்கு அந்தக் குறி இருந்து, அந்தக் கார்டைப் பார்த்துத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர்கள் நிரூபித்தால் கம்பெனி மேல் உள்ள வழக்கு மெலிந்துவிடும். ஆனால் கடைக்காரர் தப்பமாட்டார். குறி இருப்பது தெரிந்தும் வெளிச்சுவருக்குக் கலந்து கொடுத்தவர் அவர்தானே. குறியே இல்லையென்றால் இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டும்.

பில் பெயிண்டர் பெயரில் இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். நம் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். பக்கெட்டுக்குள் கிடக்கும் பரிசு டோக்கன் பெயிண்டருக்கு வேண்டும், அதனால் அவரே போய் வாங்குவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-ன்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நீங்கள் பெயிண்டருக்கோ கடைக்கோ பணம் அனுப்பிய ஜிபே விவரமும், "இந்த அம்மா வீட்டுக்குத்தான் வாங்கினேன்" என்று பெயிண்டர் கொடுக்கும் பிரமாண வாக்குமூலமும் இருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், பெயிண்டரோடு சண்டை போடாதீர்கள். அவர் உங்களுக்கு எதிரி இல்லை, சாட்சி.

மிச்சம் பெயிண்ட் இருக்கும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஷேட் நம்பர், பேட்ச் நம்பர், சில சமயம் எந்தச் சாயம் எத்தனை மில்லி என்பதுகூட இருக்கும். அதை போட்டோ எடுத்துவிட்டு, மூடியை டேப் ஒட்டி நிழலில் வையுங்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் அதே சட்டம் பிரிவு 38-ன்கீழ் மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். டப்பா இல்லாவிட்டால், சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு, நான் சொன்ன மூன்று சோதனையையும் அவர் முன்னால் செய்து, போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள்.

எவ்வளவு கேட்பது? வீடு முழுக்க அடிக்கக் காசு கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். மங்கியது முன்சுவர் மட்டும். உதாரணத்துக்கு 620 சதுர அடி என்று வைப்போம். அதற்கு வாங்கிய கத்தரிப்பூ பெயிண்ட் 7,400 ரூபாய், கூலி அடிக்கு 12 ரூபாய் வீதம் 7,440, சாரம் கட்ட 2,500. ஆக 17,340 ரூபாய். வாரண்டியில் போனால் பெரும்பாலும் பெயிண்ட் மட்டும்தான் தருவார்கள், கூலியும் சாரமும் உங்கள் தலையில் விழும். ஆணையத்தில் மூன்றையும் கேட்கலாம். மன உளைச்சலுக்கு 10,000, செலவுத்தொகை 5,000 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் உண்மையான கோரிக்கையின் மதிப்பும் குறைந்துவிடும்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்துவிடுங்கள், சில நேரம் கம்பெனி அதிலேயே இறங்கிவரும். அப்புறமும் பதில் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், அதற்குமேல் 15 நாள்வரை நீட்டிப்பு. ஆய்வு வேண்டிய வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட நீளும்.

காலக்கெடு இரண்டு வருஷம், பிரிவு 69. மங்கியது தெரிந்த நாளிலிருந்து என்று நாம் சொல்வோம், வாங்கிய நாளிலிருந்து என்று அவர்கள் சொல்வார்கள். அந்தச் சண்டையே வேண்டாம், இந்த மார்கழிக்குள் போட்டுவிடுங்கள்.

வழக்கு முடியும்வரை சுவரில் மறுபெயிண்ட் அடிக்காதீர்கள், அதுதான் உங்கள் பெரிய சாட்சி. பொறுக்க முடியாமல் அடிக்கத்தான் வேண்டும் என்றால், இன்ஜினியர் அறிக்கை கைக்கு வந்தபிறகு, நோட்டீஸில் அடிக்கப்போகும் தேதியைச் சொல்லி, எதிர்த்தரப்பை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். சன்ஷேடுக்குக் கீழே நல்ல நிறமும் வெளுத்த நிறமும் சேரும் இடத்தில் ஒரு முழம் மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.

இந்தத் தடவை சந்தனமோ செங்கல் நிறமோ எடுங்கள். கத்தரிப்பூதான் வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால் ஹாலுக்குள் ஒரு சுவருக்கு அடித்துக்கொள்ளுங்கள்.