வலி கண்ட மர்யம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் ராயபுரத்தில் இருக்கிறோம். மாடி வீட்டில் இருக்கும் என் முஸ்லிம் தோழிக்கு கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்கப் போனபோது, "இயேசுவை நாங்களும் நம்புறோம், மர்யம் பேர்ல எங்க குர்ஆன்ல ஒரு அத்தியாயமே இருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோயில் இளைஞர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அவங்க சொல்ற ஈசா வேற ஆளு. நம்ம பைபிளைப் பார்த்து எழுதி மாத்திட்டாங்க" என்றார்கள். எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்த எனக்கு இப்போது குழப்பம். எது சரி? அவளைப் பெரம்பூர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க நான் என் அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை ஒதுக்கித்தான் வைத்திருப்பேன்.

முதலில் ஒரு கோபம், அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தி சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டீர்கள், நாலு பேர் சொன்னதைக் கேட்டுக் குழம்பினீர்கள். நடுவில் ஒரு நாளாவது புத்தகத்தைத் திறந்தீர்களா? மர்யம் அத்தியாயம் குர்ஆனில் 19ஆவது. மொத்தம் 98 வசனம். தமிழில் நல்ல மொழிபெயர்ப்புகள் மண்ணடிக் கடைகளிலேயே கிடைக்கின்றன. லூக்காவின் முதல் இரண்டு அதிகாரம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு மணி நேரம் போதும். உங்கள் தோழி தன் வேதத்திலிருந்து ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு அவளிடமே "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காமல் கூட்டத்தில் போய்க் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"பார்த்து எழுதிவிட்டார்கள்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மர்யம் அத்தியாயத்தில் ஒரு பேரீச்ச மரம் வருகிறது. பைபிளில் சேராத பழைய கிறிஸ்தவக் கதைகளிலும் பேரீச்ச மரம் வருகிறது. அங்கே அது எகிப்துக்குப் போகும் வழியில் வருகிறது, குழந்தை இயேசு சொன்னதும் மரம் குனிந்து பழம் கொடுக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று தேடுவது ஆராய்ச்சியாளர் வேலை. ஒரு முஸ்லிம் அதை இறைவனின் சொல்லாகத்தான் ஓதுகிறார். அவர் என்ன நம்புகிறார் என்று தெரிந்துகொள்ள அந்தத் தேடல் உதவாது.

சரி, "எல்லாம் ஒன்றுதானே" என்பதற்கு வருகிறேன். இரண்டு வேதத்திலும் வானதூதர் வருகிறார், இரண்டிலும் மரியாள் திகைக்கிறாள். ஆண் தொடர்பே இல்லாத எனக்கு எப்படிப் பிள்ளை பிறக்கும் என்று இரண்டிலும் கேட்கிறாள். இதுவரை உங்கள் தோழி சொன்னது சரி. கன்னியின் வயிற்றில் பிறந்தார் என்பதை ஒரு முஸ்லிம் உங்களைப் போலவே உறுதியாக நம்புகிறார். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண்ணும் மர்யம்தான். ஆனால் தூதர் சொல்லும் பதிலைப் பாருங்கள். லூக்காவில், பரிசுத்த ஆவி உன்மேல் வரும், "ஆதலால் உன்னிடத்தில் பிறக்கும் பரிசுத்தமுள்ளது தேவனுடைய குமாரன் என்னப்படும்" என்கிறார். குர்ஆனில், இது எனக்கு எளிது என்று உன் இறைவன் சொல்கிறான், என்கிறார். அங்கே "ஆதலால்" கிடையாது. வேறோர் இடத்தில், ஈசாவின் உவமை ஆதமின் உவமை போன்றது, மண்ணால் படைத்து 'ஆகு' என்றான், ஆகிவிட்டார், என்று வருகிறது. அப்பன் இல்லாமல் பிறந்தவர் கடவுளின் மகன் என்றால், அப்பனும் அம்மாவும் இல்லாமல் வந்த ஆதமை என்னவென்று சொல்வது? இதுதான் ஒரு முஸ்லிமின் கேள்வி. பிறப்பு ஒன்றுதான். அதிலிருந்து எடுக்கும் முடிவு எதிரெதிர்.

இதையெல்லாம் உங்கள் ஊர் ஆலிமோ பங்குச் சாமியாரோ என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது பிரசவத்தைப் பற்றி.

லூக்கா அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். பெற்றாள், துணியில் சுற்றினாள், "முன்னணையிலே கிடத்தினாள்". யோசேப்பு கூட இருக்கிறார், மேய்ப்பர்கள் வருகிறார்கள். குர்ஆனில் யோசேப்பே இல்லை. மர்யம் ஒதுக்குப்புறமான ஓர் இடத்துக்குத் தனியாகப் போகிறாள். இடுப்பு வலி அவளை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குத் துரத்துகிறது. "இதற்கு முன்பே நான் செத்திருக்கக் கூடாதா, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா" என்கிறாள். ஊர் சொல்லப்போகும் பழிக்கு அஞ்சித்தான் அப்படிச் சொன்னாள் என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். வலியும் பழியும் சேர்ந்துதான் அந்தச் சொல் வந்திருக்கும். கீழேயிருந்து ஒரு குரல்: கவலைப்படாதே, உன் காலடியில் ஓடை இருக்கிறது, மரத்தைப் பிடித்து உலுக்கு, பழம் விழும், தின்று குடித்துக் கண்குளிர்ந்திரு. பிள்ளை வலியில் கிடப்பவளிடம் மரத்தை உலுக்கச் சொல்லும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

நான் பிறந்தது கத்தோலிக்க வீட்டில். மாதா வலியில்லாமல் பெற்றாள் என்றுதான் எங்கள் மரபு நெடுங்காலம் கற்பித்து வந்தது. காரணம் இருக்கிறது. ஆதியாகமத்தில் பிரசவ வேதனை ஏவாளுக்குக் கிடைத்த தண்டனை. மாதாவோ, ஆதாமிடமிருந்து மனிதர் எல்லோர்மேலும் இறங்கும் ஜென்மப் பாவம் தீண்டாதவள். 1854இல் பாப்பரசர் அதை விசுவாசக் கோட்பாடாகவே அறிவித்தார், அமல உற்பவம் என்கிறோம். பாவம் இல்லாதவளுக்குத் தண்டனை எதற்கு, வலி எதற்கு?

முஸ்லிம்களும் மர்யமைத் தூய்மையானவள் என்றே நம்புகிறார்கள். பிறக்கும்போது ஷைத்தான் தீண்டாத பிள்ளைகள் மர்யமும் அவள் மகனும் மட்டுமே என்று நபிமொழி உண்டு. அப்படியிருந்தும் குர்ஆனில் அவளுக்கு வலிக்கிறது. ஏனென்றால் அங்கே ஜென்மப் பாவம் என்ற ஒன்றே இல்லை. ஆதம் தவறினார், மன்னிப்புக் கேட்டார், இறைவன் மன்னித்தான், அத்தோடு கணக்கு முடிந்தது. பிள்ளைகள் தலையில் எதுவும் இறங்கவில்லை. பிரசவ வலி யாருக்கும் தண்டனை இல்லை என்றால், தூயவளுக்கும் அது வரலாம். அதனால் அவள் குறைந்துபோக மாட்டாள்.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஜென்மப் பாவம் உண்டு என்றால் அதைத் தீர்க்க ஒரு பலி வேண்டும், சிலுவை வேண்டும். அது இல்லை என்றால் சிலுவைக்கு அங்கே வேலையில்லை. ஈசாவை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவர்களுக்கு அப்படித் தோற்றமளிக்கப்பட்டது, இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது குர்ஆன். உங்களுக்குப் பெரிய வெள்ளி இல்லாமல் இயேசு இல்லை. உங்கள் தோழியின் ஆண்டில் அந்த வெள்ளிக்கிழமையே கிடையாது. 'ஒன்றுதானே' என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அப்படிச் சொல்லும்போது இரண்டு பேருடைய உயிரான நம்பிக்கையையும் கீழே போட்டுவிடுகிறீர்கள்.

மாதாவுக்கு வலியே இல்லை என்று கத்தோலிக்கரும் சொல்வதில்லை. வலியை வேறு இடத்தில் வைத்தார்கள். உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று சிமியோன் சொல்கிறாரே, அந்தப் பட்டயம் சிலுவையடியில்தான் இறங்குகிறது. வியாகுல மாதா என்று கும்பிடுவது அந்த மாதாவைத்தான். குர்ஆனில் மர்யம் மகனைப் பெறும்போது துடிக்கிறாள். நம் வேதத்தில் மகனைப் பறிகொடுக்கும்போது துடிக்கிறாள்.

நாங்கள் அப்போது மண்ணடிப் பக்கம் ஓர் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். அடுத்த போர்ஷனில் கீழக்கரைக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்மணியை அம்மா ராத்தா என்பார், எங்களுக்கு மாமி. என் தங்கை பிறந்த இரவு மழை, அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்தார். மருத்துவச்சி வரும்வரை மாமிதான் அம்மா பக்கத்தில். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மர்யம் பூவை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டார். காய்ந்து முஷ்டி போல மூடிக் கிடக்கும் பாலைவனச் செடி அது, தண்ணீரில் மெல்ல விரியும். அது விரிய விரியப் பிரசவம் லேசாகும் என்று நம்பிக்கை. நான் கதவோரம் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையில் ஜெபமாலை. மாமி பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து ஊட்டிக்கொண்டே மர்யம் சூரா ஓதினார். ஒரு கட்டத்தில் அம்மா, "நான் செத்துப் போயிருக்கலாம் ராத்தா" என்று கத்தினார். மாமி ஓதுவதை நிறுத்திவிட்டு, "மர்யம் அம்மாவே அப்படித்தான் சொன்னாங்க புள்ள" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அம்மா பல வருஷம் கழித்து என்னிடம் பேசினார். "வலியே தெரியாத மாதாகிட்ட அந்த நேரத்துல நான் என்னத்தச் சொல்லி அழுவேன்? மாமி சொன்ன மாதாவுக்கு என் வலி தெரிஞ்சிருக்கு" என்றார். அம்மா மதம் மாறவில்லை. சாகும்வரை ஞாயிறு பூசை தவறவில்லை, இயேசு தேவகுமாரன் என்பதில் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. மாமிக்கும் ஈசா இறைவனின் அடிமை, தூதர், அவ்வளவுதான். தொட்டில் குழந்தையாக ஈசா பேசிய முதல் பேச்சே "நான் அல்லாஹ்வின் அடிமை" என்பதுதான் என்று மாமி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா அதைக் கேட்டுக்கொள்வார், ஆமாம் என்று சொல்ல மாட்டார்.

பெரம்பூருக்கு அழைத்துப் போவது பற்றி அவளிடமே கேளுங்கள். வேளாங்கண்ணிக்கும், ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளிலும் முஸ்லிம் பெண்கள் வருவதை நானே பார்த்திருக்கிறேன். துஆ இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும், மர்யமிடம்கூடக் கேட்கக் கூடாது என்று ஆலிம்கள் சொல்வதும் உண்மை. மரியாளிடம் வேண்டுவதில் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள். அவள் வந்தால் பக்கத்தில் உட்காரட்டும். மெழுகுவர்த்தியை அவள் கையில் திணிக்காதீர்கள்.

மாமி ஊருக்குப் போகும்போது அந்தப் பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் வற்றினால் மறுபடி மூடிக்கொள்ளும், எத்தனை முறை வேண்டுமானாலும் விரியும். அம்மா அதைப் பீடத்தில் மாதா சொரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். என் தங்கைக்கு வலி கண்டபோது அதை எடுத்துத் தண்ணீரில் போட்டது அம்மாதான்.