தேரோட்டக் கூட்டப் படத்துக்கு இரண்டு வரி

கேள்வி: உதகை மாரியம்மன் கோயில் தேரோட்டத்தன்று லோயர் பஜாரில் ஒரு மாடியிலிருந்து படம் எடுத்தேன். செண்டை மேளக்காரர்கள், மஞ்சள் புடவைப் பெண்கள், எதிர் மாடிகளில் ஆட்கள், ஓரத்தில் பாதித் தேர், படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எங்கள் தெரு விழா மலரில் போடுகிறார்கள். "விண்ணைப் பிளக்கும் கோஷத்துடன் பக்தி வெள்ளத்தில் மிதந்த லட்சக்கணக்கான பக்தர்கள்" என்று எழுதினேன். வேறு மாதிரி எழுது என்கிறார்கள். சத்தமும் நிறமும் வரவேண்டும், அம்மனுக்கு மரியாதைக் குறைவும் ஆகக்கூடாது. இரண்டு வரிதான் இடம்.

பதில்: நீங்கள் எழுதிய வரியை மதுரையில் எடுத்த படத்துக்கும் போடலாம், திருவாரூரில் எடுத்த படத்துக்கும் போடலாம். உங்கள் படத்தில் மட்டும் இருப்பதோ அந்த வெள்ளைப் புள்ளிகள். அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. உதகை மாரியம்மன் தேர் மீது பக்தர்கள் உப்பு வீசி வழிபடுவார்கள். உங்களுக்கு அது பழகிப்போன காட்சி. மலரை வாங்கி வெளியூர் மகளுக்கு அனுப்பும் பாட்டிக்கும் தெரியும். அந்த மகளின் கணவருக்குத் தெரியாது. அச்சில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். பார்த்தும் புரியாத ஒன்றைப் புரியவைக்கத்தான் படக்குறிப்பு. ஆகவே உப்பு கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஆனால் அது உப்புத்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சித்திரையில் உதகையில் கோடை மழையும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மழைத்துளி என்றால் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாய்வில், படம் முழுக்கப் பரவியிருக்கும். நாலைந்து குடையாவது விரிந்திருக்கும். உப்பு என்றால், வீசிய கைகளிலிருந்து கிளம்புவதால் பல திசைகளில் வளைந்து போகும், தேரை நெருங்க நெருங்க அடர்த்தியாகும், தூக்கிய கைகளும் கண்ணில் படும். பூ என்றால் இதழ் வடிவமும் நிறமும் காட்டிக் கொடுத்துவிடும். கேமரா சென்சாரின் கோளாறு என்றால், அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் அதே மூலையில் அதே புள்ளி இருக்கும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களோடு ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்து சத்தம். "விண்ணைப் பிளக்கும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் கேட்காது. வாத்தியத்தின் பெயரைச் சொன்னால் கேட்கும். ஏனென்றால் படிப்பவர் அந்தச் சத்தத்தை ஏற்கெனவே அறிந்தவர். பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். தோளிலிருந்து செங்குத்தாகத் தொங்க, மேல்முகத்தில் இரண்டு குச்சிகளால் அடித்தால் அது செண்டை. குறுக்காகத் தொங்கி, ஒரு பக்கம் குச்சியும் மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களுமாக வாசித்தால் தவில். ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம் என்றால் பம்பை. இடை சிறுத்து, ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பது உருமி. எல்லாவற்றையும் "மேளதாளம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது சோம்பேறித்தனம். மேளம் அடிப்பவர்களே மலரைப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் படத்தில் செண்டை தெரிகிறது, அது போதும். படத்தில் இல்லாத நாகஸ்வரத்தை இழுத்துவர வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலர் வண்ணத்தில் அச்சாகிறது என்றால் மஞ்சள் புடவை தானே தெரியும். "வண்ணமயமான" என்ற சொல் இடத்தைத்தான் அடைக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிடுகிறார்கள் என்றால் மட்டும் "மஞ்சள் உடுத்திய" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதே மாவட்டத்தில் பேரகணி எத்தையம்மன் திருவிழாவில் படுகர் மக்கள் வெள்ளை உடுத்தித் திரள்கிறார்கள். அந்தப் படத்துக்கும் "வண்ணமயமான திருவிழா" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள் போலும்.

லட்சத்துக்கு வருவோம். கூட்டத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. அமெரிக்காவில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் வகுத்தது. கை நீட்டும் தூரத்தில் நிற்கும் தளர்வான கூட்டத்தில் ஓர் ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி. நெருக்கமான கூட்டத்தில் சுமார் 4.5 சதுர அடி. உங்கள் படத்தில் தெரியும் தெரு 30 அடி அகலம், 200 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 சதுர அடி. தெரு முழுக்க நெருக்கி நின்றாலும் 1,300 பேர் சொச்சம்தான் வருவார்கள். தேரும் மேளக்காரர்களும் அடைத்த இடத்தைக் கழித்து, மாடியில் நிற்பவர்களைக் கூட்டினாலும் பெரிதாக மாறாது. விழா முழுவதும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. அது கட்டுரையில் வரலாம். படக்குறிப்பு படத்துக்குள் இருப்பவர்களை மட்டுமே எண்ண வேண்டும். எண் இல்லாமல் "பக்தர்கள்" என்றாலே போதும். நெருக்கத்தைப் படமே சொல்லிவிடும்.

மரியாதை அடைமொழிகளால் வருவதில்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. அம்மன் தேரில் எழுந்தருளினார். "சிலை தேரில் வைக்கப்பட்டது" என்று எழுதினால் கோயிலார் முகம் சுளிப்பது நியாயமே. உப்பை "எறிந்தனர்" என்றால் கல்லெறி நினைவுக்கு வரும். "வீசி வழிபட்டனர்" என்றால் நோக்கமும் சேர்ந்தே வந்துவிடும். அருள் வந்து ஆடுபவர், அலகு குத்தியவர் யாராவது படத்தில் தெரிந்தால், அவரிடம் கேட்காமல் பெயர் போடாதீர்கள். உபயம் யாருடையது என்பதையும் கவனியுங்கள். உதகையில் விழாக்காலம் நெடுக ஒவ்வொரு சமூகத்தாரின் உபயத்திலும் தேர் ஊர்வலம் வரும். பெரிய தேரோட்டம் சித்திரைச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நடக்கும். உபய நாள் படத்தைத் "தேரோட்டம்" என்று போட்டால், அந்த உபயத்தார் தங்கள் நாளைத் தேடி ஏமாறுவார்கள். எனவே தேதி வேண்டும். மலர் பல வருடம் அலமாரியில் இருக்கும் என்பதால் வருடமும் வேண்டும்.

கடைசியாக வாக்கிய அமைப்பு. தமிழ்ப் படக்குறிப்பு பெரும்பாலும் பெயரில் முடியும். படிப்பவர் அந்தப் பெயரோடுதான் படத்துக்குத் திரும்புவார். "...எழுந்தருளிய அம்மன்" என்று முடித்தால், பாதித் தேரில் அம்மனைத் தேடி, காணாமல் குழம்புவார். உங்கள் படம் கூட்டத்தின் படம். அதனால் பக்தர்களில் முடியுங்கள்:

"உதகை மாரியம்மன் கோயில் தேரோட்டத்தில், செண்டை மேளம் முழங்க லோயர் பஜாரில் வலம் வந்த திருத்தேர் மீது உப்பு வீசி வழிபட்ட பக்தர்கள்."

இதன் கீழே தேதி, வருடம், "படம்:" என்று உங்கள் பெயர். இன்னும் அரை வரி இடம் கிடைத்தால், "உப்பு கரைவதுபோல் நோய் நொடி கரையும் என்பது நம்பிக்கை" என்று சேர்க்கலாம். அதற்கு முன், அன்று தேரோடு வந்த பெரியவர் ஒருவரிடம் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். அவர் வேறு காரணம் சொன்னால் அவர் சொன்னதைப் போடுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். பக்க வடிவமைப்பாளர் அந்தப் பாதித் தேரை வெட்டிவிட்டால், உப்பு எதன் மீது விழுகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.