ட்ரையல் முடிந்து நான்கு நாளாகியும் போன் வரவில்லையா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டரிங் டிப்ளமோ முடித்த மகன் சனிக்கிழமை கோவையில் ஒரு ரெஸ்டாரன்ட்டின் சைனீஸ் செக்‌ஷனில் ட்ரையல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று புதன்கிழமை, இன்னும் தகவல் இல்லை. நீங்களே செஃப்புக்குப் போன் செய்து கேட்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தெரிந்தவர் யாரையாவது வைத்து ஓனரிடம் சொல்லச் சொல்வதும் வேண்டாம். பேச வேண்டியவர் உங்கள் மகன்தான். அவர் இன்றே பேசலாம், நாள் கடந்துவிடவில்லை.

முதலில் அந்த மௌனத்துக்கு என்ன காரணம் இருக்கும் என்று பார்ப்போம். வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்ன பழைய கமி, அதாவது உதவிச் சமையல்காரர், இன்னும் போகாமல் இருக்கலாம். இன்னொரு பையனின் ட்ரையல் பாக்கி இருக்கலாம். சம்பளத்துக்கு ஓனர் சரி சொல்ல வேண்டியிருக்கலாம். இவை மூன்றும் உங்கள் மகன் கையில் இல்லை. நான்காவது காரணம் மட்டும் அவர் கையில் இருக்கிறது: "இந்தப் பையன் நிற்பானா?" என்ற செஃப்பின் சந்தேகம். புதிதாகச் சேரும் பையன்கள் மதியம் ஒரு வேளை, நடுவில் இடைவெளி விட்டு இரவு ஒரு வேளை என்று ஓடும் பிரேக் ஷிஃப்ட் தாங்காமல் பத்து நாளில் சொல்லாமல் போய்விடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் செஃப்கள். வெட்டு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார்கள், வராமல் போகிறவனை வைத்துச் சனி ஞாயிறு ரஷ்ஷை ஓட்ட முடியாது. அம்மா போன் செய்தால் அந்தச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

ஆகவே மகன் அனுப்பும் செய்திக்கு வேலை இரண்டு. அன்று நடந்ததை அவர் கவனித்திருக்கிறார் என்று காட்ட வேண்டும், எப்போது சேருவார், எங்கே தங்குவார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். "வேலை கிடைச்சுதா சார்?" என்று மட்டும் கேட்டால் இரண்டும் நடக்காது.

அன்று என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நமக்குப் பெரிய உதவி. காய் வெட்டு பரவாயில்லை என்றார்களாம். சில்லி சிக்கனைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். ஃப்ரைடு ரைஸ் மட்டும் குழைந்து ஒட்டிக்கொண்டது, "என்னப்பா இது பொங்கலா?" என்று செஃப் கேட்டிருக்கிறார். உங்கள் மகன் இதை நினைத்துத்தான் சுருண்டுபோய் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பேச்சைத் தொடங்க அவரிடம் இருக்கும் நல்ல விஷயமே இதுதான். சாதம் ஏன் ஒட்டியது? வடித்த சாதத்தைச் சூடாகவே வாக் சட்டியில் போட்டிருக்கிறார். தட்டில் பரப்பி ஆறவிட்டால் மேலே இருக்கும் ஈரம் போய்ப் பருக்கை விறைக்கும், அதற்குப் பிறகு கிளறினால் உடையாது. மேலும் நாலு பிளேட் சாதத்தை ஒரே தடவையில் கொட்டியதால் வாக் சூடு இறங்கி, சாதம் வறுபடாமல் ஆவியில் வெந்திருக்கிறது. கல்லூரியில் படித்ததுதான், பதற்றத்தில் விட்டுப்போயிருக்கிறது. இதை அவரே புரிந்து சொல்லிவிட்டால், திருத்திக்கொள்ளும் பையன் என்று செஃப்புக்குத் தெரியும்.

ட்ரையலன்று செஃப் நம்பர் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பச் சொல்லுங்கள்:

"வணக்கம் செஃப். சனிக்கிழமை சைனீஸ் செக்‌ஷனில் ட்ரையலுக்கு வந்தேன். வாய்ப்புக்கு நன்றி. ஃப்ரைடு ரைஸுக்குச் சாதத்தை ஆறவிடாமல் போட்டதும், ஒரே தடவையில் நிறையப் போட்டதும் என் தவறு. வீட்டில் ஆறவைத்து ரெண்டு ரெண்டு பிளேட்டாகச் செய்து பார்த்தேன், உதிரியாக வந்தது. திங்கள்கிழமையே சேரத் தயார். பிரேக் ஷிஃப்ட் பரவாயில்லை, ஸ்டாஃப் ரூமில் தங்கிக்கொள்வேன். மெடிக்கல் சர்டிஃபிகேட் எடுத்து வைத்திருக்கிறேன். மறுபடி செய்து காட்டச் சொன்னாலும் வருகிறேன்."

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்காமல் செய்தேன் என்று எழுதக் கூடாது, மறுபடி கூப்பிட்டு வாக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே செய்து பார்த்த பிறகு அனுப்பட்டும். ஸ்டாஃப் ரூம் வேண்டாம் என்றால் எங்கே தங்குவார் என்று எழுதட்டும். மெடிக்கல் சர்டிஃபிகேட்டை நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உணவைக் கையாளுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் சேருகிற நாள் தள்ளிப்போகாது.

நேரம் முக்கியம். மதியம் 12 முதல் 3 வரையிலும், இரவு 7-க்கு மேலும் கிச்சனுக்குப் போன் போகவே கூடாது. ரஷ் முடிந்து மாலை வேலை தொடங்குவதற்கு முன், 4 மணியை ஒட்டிச் செய்தியை அனுப்பட்டும். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் அதே நேரத்தில் ஒரு முறை போன் செய்து, "செஃப், எப்போ கேட்டா உங்களுக்குச் சரியா இருக்கும்?" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்கட்டும். நாள் சொன்னால் அன்று பேச வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். அன்றும் பதில் நழுவினால் அந்த இடத்தை விட்டுவிடலாம். இதற்கிடையில் வேறு ட்ரையல் வந்தால் தயங்காமல் போகட்டும்.

"இன்னும் ரெண்டு நாள் வந்து பாருங்க" என்றும் சொல்லலாம். போகலாம், ஆனால் போகும் முன்னே இரண்டு கேள்வி: எந்த நாளில் முடிவு சொல்வீர்கள், இந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா. ஒரு நாள் ட்ரையலுக்குப் பல இடங்களில் காசு தருவதில்லை. ஆனால் நாலைந்து நாள் முழு ஷிஃப்ட் நிறுத்தி, கஸ்டமர் ஆர்டரையே போட வைத்தால் அது வேலை, சம்பளம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்கிற இடத்தில் மாதச் சம்பளமும் இழுபறியாக இருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையோ டெபாசிட் என்று பணத்தையோ கேட்டால், அங்கே வேண்டாம்.

வரச் சொன்னால் பதவி, வார லீவு, சாப்பாடு, ரூம் எல்லாவற்றோடு கையில் எவ்வளவு வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். சொல்லும் தொகையும் வரும் தொகையும் வேறாக இருக்கும். ஒரு கணக்குக்கு, மொத்தம் 14,000, அதில் அடிப்படைச் சம்பளமான பேசிக் 9,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம் பேசிக்கில் 1,080, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் மொத்தத்தில் 105. கையில் 12,815. ரூம் வாடகை பிடித்தால் அது தனி. இந்தப் பிடித்தம் இருப்பது நல்லதுதான், பி.எஃப். அவர் பெயரில் சேருகிறது, உடம்புக்கு ஒன்று என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆனால் முதல் மாதச் சம்பளம் வந்த பிறகு தெரிந்து மனம் வெறுத்துப்போகக் கூடாது.

பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக எழுதி, "சரிதானே செஃப்?" என்று அனுப்பி வைக்கட்டும். ஆஃபர் லெட்டர் வர நாளானாலும் அந்தச் செய்தி கையில் இருக்கும்.

இல்லை என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "அடுத்த ட்ரையலுக்கு முன்னாடி எதைச் சரி பண்ணிக்கணும் செஃப்?" வாக்கா, வெட்டா, வேகமா என்று ஒரு வார்த்தையில் பதில் வரும். அதை வைத்து அடுத்த வாரம் என்ன பழக வேண்டும் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.