தேர்வுக்கு முன் அனுபவச் சான்றிதழைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, மூன்றாண்டுகளாக மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரியும் தங்கள் மகள் வெளிநாடு செல்ல எந்தத் தேர்வை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தேர்வைச் சற்று ஒத்திவையுங்கள். என்னிடம் வருபவர்களில் தேர்வில் தவறுபவர்களைவிட அனுபவச் சான்றிதழில் சிக்கிக்கொள்பவர்களே அதிகம்.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.பி. போன்ற தொழில்முறை அமைப்பு தேர்வு வைத்து வழங்குவது தகுதிச் சான்று. ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு தன் பட்டியலில் பெயரைச் சேர்த்து வேலை செய்ய அனுமதிப்பது பதிவு. முன்னது கையில் இருப்பதாலேயே பின்னது கிடைத்துவிடாது. பிரிட்டனில் 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர்; அங்குள்ள சுகாதாரத் தொழில்களின் ஒழுங்குமுறை அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவில் இல்லாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. அங்கே, படித்த பாடத்திட்டத்தையும் செய்த வேலையையும் தங்கள் தர வரையறைகளோடு ஒப்பிட்டே முடிவெடுக்கிறார்கள். ஆகவே கல்லூரியிலிருந்து விரிவான பாடத்திட்டத்தை முத்திரையுடன் இப்போதே வாங்கி வையுங்கள்.

வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் மூலம் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும். நாம் கொடுக்கும் நகலை அவர்கள் அப்படியே ஏற்பதில்லை. பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமும், அனுபவத்தை மருத்துவமனையின் மனிதவளப் பிரிவிடமும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்கிறார்கள். நான் பார்த்த ஒரு விண்ணப்பம் இங்கேதான் நின்றது. அந்த இளைஞரின் சான்றிதழில், 2019 ஜூன் முதல் 2022 ஜூன் வரை மூன்றாண்டுகள் 'லேப் ஸ்டாஃப்' ஆகப் பணியாற்றினார் என்று துறைத்தலைவர் கையெழுத்திட்டிருந்தார். முதல் ஆறு மாதங்கள் அவர் உதவித்தொகை பெற்ற பயிற்சியாளர். மனிதவளப் பிரிவின் பதிவேட்டில் நியமன நாள் 2019 டிசம்பர் என்றே இருந்ததால் அவர்கள் அப்படியே பதில் அனுப்பினார்கள். அறிக்கையில் முரண்பாடு என்று குறிக்கப்பட்டது. இதில் வருத்தம் என்னவென்றால், அவர் விண்ணப்பித்த வேலைக்கு இரண்டாண்டு அனுபவமே போதும். உள்ளபடி இரண்டரை ஆண்டு என்று எழுதியிருந்தால் சிக்கலே வந்திருக்காது.

எனவே தங்கள் மகள் தன் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, பணியில் சேர்ந்த நாளும் பதவிப்பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கட்டும். வேறுபாடு இருந்தால், வேலையை விட்டு விலகுவதற்கு முன்பே எழுத்துமூலம் திருத்தம் கேட்க வேண்டும். விலகிய பிறகு நம் கடிதத்துக்குப் பதில் எழுத அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

அடுத்தது, சான்றிதழில் எந்தெந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பது இருக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் ஒருவரை உயிர்வேதியியல் பகுப்பாய்வுக் கருவியின் முன் அமர்த்திவிட்டு ஆண்டுக்கணக்கில் மாற்றவே மாட்டார்கள். ஏ.எஸ்.சி.பி.யின் பன்னாட்டுத் தேர்வில் எம்.எல்.எஸ். எனும் மருத்துவ ஆய்வக விஞ்ஞானி நிலைக்கு இரத்த வங்கி, உயிர்வேதியியல், இரத்தவியல், நுண்ணுயிரியல் ஆகிய நான்குக்கும் ஒவ்வொன்றுக்கும் 17 முதல் 22 சதவீதம் வரை இடமுண்டு. 100 வினாக்கள், இரண்டரை மணி நேரம். தேர்ச்சிக்கு 999-க்கு 400. வினாக்கள் விடைக்கேற்பக் கடினமாகவோ எளிதாகவோ மாறும். இரத்த வங்கியில் செய்யும் கூம்ப்ஸ் சோதனையில் எதிர்மறை வந்த குழாயில், சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் செக் செல் சேர்த்தபின்னும் திரட்சி தெரியாவிட்டால் அந்த முடிவு செல்லாது, செல்களைச் சரியாகக் கழுவாதது காரணமாக இருக்கலாம் என்பதைக் குழாயை ஆட்டிப் பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். புத்தகத்தில் மட்டும் படித்தவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

தங்கள் மகள் ஒரே பிரிவில் இருக்கிறார் என்றால், இரத்த வங்கியிலும் நுண்ணுயிரியலிலும் சில மாதங்கள் சுழற்சிப் பணி கேட்கச் சொல்லுங்கள். பகலில் இடம் கிடைக்காவிட்டால் இரவுப் பணியைக் கேட்கலாம். இரவில் ஆள் குறைவு என்பதால் எல்லாப் பிரிவு மாதிரிகளும் ஒருவர் கைக்கே வருவதுண்டு. எந்தத் தேதியில் எந்தச் சோதனை, யார் மேற்பார்வை என்று குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால், அனுபவப் படிவத்தை நிரப்பும்போது நினைவை நம்ப வேண்டியதில்லை. நோயாளியின் பெயரோ எண்ணோ அதில் வரக் கூடாது.

இவையெல்லாம் சரியான பிறகு, செல்ல விரும்பும் நாட்டைத் தீர்மானித்து அந்நாட்டின் தேர்வுக்குப் பதிவு செய்யட்டும். சான்றிதழ் நகலை எனக்கு அனுப்பினால், தேதிகளையும் பிரிவுகளையும் நான் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.