‘பார்க்கலாம்’ என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தஞ்சாவூரில் அப்பாவின் மணிவிழாவுக்காக ஜூன் 16 முதல் 25 வரை எட்டு வேலைநாள் விடுப்புக்கு ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் அனுமதி கிடைத்தது. ஜூன் 2ஆம் தேதி, ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புடன் பணிவிலகல் கடிதம் கொடுத்தேன். இப்போது மேலாளர், விடுப்பைக் கைவிட வேண்டும், இல்லையென்றால் ஜூலை 11 வரை வேலை செய்ய வேண்டும் என்கிறார். சங்கடமாக இருந்ததால் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரால் அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: மேலாளரை விட அந்தப் ‘பார்க்கலாம்’தான் எனக்குக் கவலை தருகிறது. முன்னறிவிப்புக் காலத்தை முதலாளி தாமாக நீட்டிக்க முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே நீளும். அந்த ஒப்புதலின் முதல் அடியை, முகதாட்சண்யத்துக்காக, நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்பதால் உங்கள் கடைசி நாள் ஜூலை 1. அனுமதி பெற்ற விடுப்பு அதற்குள் வந்தால் அதுவும் முன்னறிவிப்பில் அடங்கும். சம்பளமும் ஜூலை 1 வரை உண்டு. அதுவரை நீங்கள் இந்த நிறுவனத்தின் ஊழியர்தான் என்பதால், விடுப்பில் இருக்கும்போதே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். விடுப்பு நாட்களை முன்னறிவிப்பில் கழித்துக்கொள்வது வேறு ஏற்பாடு. அதில் கடைசி நாள் எட்டு வேலைநாள் முன்னால் வந்துவிடும், சம்பளமும் அதோடு நின்றுவிடும். மனிதவளப் பிரிவு ஏதாவது படிவத்தை நீட்டினால், இரண்டில் எது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

விடுப்பை மறுக்கலாமா என்றால், புதிதாகக் கேட்கும் விடுப்பை மறுக்கலாம். ஆண்டு விடுப்பு உங்கள் உரிமை என்றாலும் தேதிக்கு அவர்களுடைய அனுமதி வேண்டும். ஏப்ரலில் கிடைத்த அனுமதியோ பணிவிலகல் கடிதத்தால் தானாகக் காலாவதியாகிவிடாது. ரத்து செய்வதென்றால் காரணத்தோடு எழுத்தில் தரட்டும். அப்படி எழுதிவிட்டால் கோபத்தில் விமானம் ஏறிவிடாதீர்கள்; அனுமதியோ தகுந்த காரணமோ இன்றித் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராமல் இருப்பது ஒப்பந்த மீறலாகக் கருதப்படும். உடனே மனிதவள அமைச்சிடம் ஆலோசனை கேளுங்கள். எடுக்காமல் மிஞ்சும் ஆண்டு விடுப்புக்கு நிறுவனம் பணம் தர வேண்டும். ஆனால் அப்பாவின் அறுபது நிறைவு ஒருமுறைதான் வரும். மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ, அந்த மணையருகே நிற்க வேண்டியவர் நீங்கள். மேலாளரின் முகம் கோணக்கூடாது என்று அப்பாவின் முகத்தை மறந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். ஏப்ரல் மாத அனுமதியை அதனுடன் இணைத்து, கடைசி நாள் ஜூலை 1தான், நீட்டிப்புக்கு உடன்படவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். மாத இறுதிக் கணக்கை யாரிடம், எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உங்கள் மேலாளரின் உண்மையான பயம் அதுவாகத்தான் இருக்கும். அதைத் தீர்த்துவைப்பதும் உங்கள் கடமை.