ஒலிக்கும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

வணக்கம் ஐயா,

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வருகிறேன். காலை 6.15க்குக் கிளம்பிவிடுவேன். வேலை நேரம் முழுவதும் கைப்பேசி லாக்கரில் கிடக்கும். அதில் 26 நினைவூட்டல்கள் ஓடுகின்றன. மாமியாரின் மாத்திரைகளுக்கு மட்டும் ஐந்து: தைராய்டு காலை 6.00, கால்சியம் 8.00, சர்க்கரை 8.15, ரத்த அழுத்தம் 8.30, மறுபடியும் சர்க்கரை இரவு 8.00. ஓய்வு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் எல்லாம் வரிசையாக நிற்கும். பார்க்காமலே தள்ளிவிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் பரிசீலிக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது, எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது, ஒன்றையும் எடுக்க முடிவதில்லை. வீட்டுக் கடனுக்கு வைத்தது சில மாதங்களில் ஒலிப்பதே இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்ப்பது, எதை நகர்த்துவது, எதை நிறுத்துவது?

ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள சகோதரிக்கு,

இது முக்கியமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் கழியாது. முக்கியம் என்று தோன்றியதால்தானே ஒவ்வொன்றையும் வைத்தீர்கள். போன மாதம் இது ஒலித்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டால் முடிவு பெரும்பாலும் தானாக வந்துவிடும், நேரமும் பாதிக்கு மேல் குறையும்.

ஒரு தாளில் ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு ஒலிக்கிறது, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது. கடைசிக் கட்டத்துக்கு நான்கு குறிகள் போதும். ஒலிக்கும் முன்பே வேலை முடிந்திருந்தால் 'மு'. ஒலித்ததும் செய்திருந்தால் 'உ'. தள்ளிப்போட்டுப் பிறகு செய்திருந்தால் 'பி'. செய்யாமலே போயிருந்தால் 'வி'. 'உ' வாங்கியதைத் தொடவே வேண்டாம், அது வேலை செய்கிறது. உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆவதற்குக் காரணம், நன்றாக ஓடுவதையும் எடுத்து வைத்து யோசிப்பதுதான்.

இந்தக் குறிகளை ஞாபகத்திலிருந்து போடாதீர்கள். நினைவூட்டல் செயலியில் முடித்தவற்றின் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள். கட்டணங்களுக்கு வங்கிக் கணக்கில் பணம் போன தேதியைப் பாருங்கள். வெறும் அலாரம் எதையும் பதிவு செய்து வைக்காது, ஆகவே மாத்திரைக்கு மாத்திரையைத்தான் எண்ண வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை என்றால் 30 நாளுக்கு 60. மாதக் கடைசியில் அட்டையில் 11 மிச்சம் இருந்தால் 11 வேளை தவறியிருக்கிறது. "சாப்பிட்டுவிட்டேன்" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. முந்தின நாள் சாப்பிட்டதும் இன்று சாப்பிட்டதும் அவர்கள் மனதில் ஒன்றாகிவிடும்.

இனி முடிவுகளை எடுக்கும் வரிசை. வேலையே முடிந்துபோனவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். நின்றுபோன டியூஷன், முடிந்த ஆன்டிபயாடிக் போன்றவை. இவற்றுக்கு யோசனை தேவையில்லை. மிச்சமிருப்பதில் முதலில் நகர்த்துங்கள், பிறகு சேருங்கள், கடைசியாக நிறுத்துங்கள். பலர் 'வி' என்று பார்த்ததும் நேராக நிறுத்தப் போகிறார்கள். பரிசீலனையில் ஆபத்தான தவறு இதுதான் என்பது என் எண்ணம். தவறான இடத்தில் ஒலிப்பதும் தேவையில்லாமல் ஒலிப்பதும் தாளில் ஒரே மாதிரி 'வி' என்றுதான் விழும். சரியான இடத்துக்கு மாற்றி ஒரு மாதம் ஓடவிட்டால்தான் எது எது என்று பிரியும்.

உங்கள் மாமியாரின் ஐந்தையும் இதே வரிசையில் பார்ப்போம். காலை 6.00க்கு நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், அதற்கு 'உ' விழுந்திருக்கும். 8.00, 8.15, 8.30 மூன்றும் லாக்கருக்குள் ஒலிக்கின்றன. மாத்திரை வீட்டில், சாப்பிட வேண்டியவர் வீட்டில், மணி மட்டும் பாயான் லெப்பாஸில். இங்கே நேரத்தை மாற்றிப் பயனில்லை, ஆளை மாற்ற வேண்டும். அவருடைய கைப்பேசியிலேயே அலாரமாக வையுங்கள். அவர் பசியாறும் மேசைக்கு அருகில் கைப்பேசி சார்ஜில் இருக்கட்டும். அலாரத்தின் பெயராக "சர்க்கரை, பிரஷர்" என்று எழுதுங்கள். "மருந்து" என்று மட்டும் எழுதினால் எது என்ற குழப்பத்தில் மணி நின்றுவிடும், மாத்திரை நிற்கும்.

இப்போதுதான் சேர்ப்பது. சேர்க்கும் முன் ஏன் தனித்தனியாக இருந்தன என்று பாருங்கள், சில இடைவெளிகளுக்குக் காரணம் உண்டு. தைராய்டுக்கான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். ஆகவே அதை எதோடும் சேர்க்கக் கூடாது. கால்சியம் அந்த மாத்திரையை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். உங்கள் பட்டியலில் 6.00க்கும் 8.00க்கும் நடுவே இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. இத்தனை நாளும் கால்சியம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அதுவே தைராய்டு மாத்திரையின் பலனைக் குறைத்திருக்கலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையின் அளவைப் படிக்க அவருக்கு இந்த விவரம் தேவை.

சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் அது உணவோடு போக வேண்டியது. ரத்த அழுத்த மாத்திரையையும் பொதுவாக அதே வேளையில் கொடுக்கலாம். இரண்டையும் பசியாறும் நேரத்துக்கு ஒன்றாக்குங்கள். கால்சியத்தை இரவு உணவுக்கு நகர்த்தி, அங்கே இருக்கும் சர்க்கரை மாத்திரையோடு சேருங்கள். அந்த நேரத்தில் நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். ஐந்து நினைவூட்டல்கள் மூன்றாகிவிடும்: தைராய்டு 6.00, பசியாறும்போது இரண்டு, இரவு உணவோடு இரண்டு. மாற்றும் முன் இந்தத் தாளை மருந்தகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள். மாத்திரையின் பெயரைப் பார்த்தே அவர்கள் சரி, தவறு சொல்லிவிடுவார்கள்.

மற்றவற்றைச் சேர்க்கவும் இதே அளவுகோல்தான்: ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம், மூன்றும் பொருந்த வேண்டும். லைட் பில், தண்ணீர் பில், இணையக் கட்டணம் மூன்றும் வங்கிச் செயலியில் ஒரே உட்காரலில் முடியும். சம்பளம் வந்த மறுநாள் இரவு என்று ஒன்றாக்கிவிடலாம். "வீட்டு வேலைகள்" என்று தலைப்பிட்டு ஏழெட்டு சில்லறைகளை ஒரே மணிக்குக் கீழே அடுக்காதீர்கள். அதில் ஒன்று பாக்கி நின்றாலும் முழுவதும் பாக்கியாகத் தெரியும். இரண்டாம் வாரமே அதையும் தள்ளிவிடுவீர்கள்.

வீட்டுக் கடன் மணி ஏன் சில மாதம் ஒலிப்பதில்லை? அதை 31ஆம் தேதிக்கு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல நாட்காட்டிச் செயலிகள் அந்தத் தேதி இல்லாத மாதத்தைத் தாண்டிவிடும், முந்தின நாளுக்கு இழுத்துக்கொள்ளாது. ஆண்டில் 31 உள்ள மாதங்கள் ஏழுதான், மற்ற ஐந்தில் மணி இல்லை. 30க்கு மாற்றினாலும் பிப்ரவரி போய்விடும். 28க்கு வையுங்கள், அல்லது "மாதத்தின் கடைசி நாள்" என்ற தேர்வு உங்கள் செயலியில் இருந்தால் அதைப் பிடியுங்கள். பரிசீலனையில் ஒலித்தவற்றை மட்டும் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. ஒலிக்காததற்கு எந்தக் குறியும் விழாது. அதனால்தான் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறு உண்டு. தண்ணீர் வடிகட்டியின் குழல், ஏர்கோன் சர்வீஸ் போன்றவற்றின் இடைவெளியைச் செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மூன்று மாத ஏர்கோன் சர்வீஸை ஆறு வாரம் தாமதமாகச் செய்தால், தேதி மாறாத நினைவூட்டல் அடுத்த ஏழாவது வாரமே மறுபடி ஒலிக்கும். அது 'வி' வாங்கும், பிறகு அதை நம்பவே மாட்டீர்கள். டூடூயிஸ்ட் செயலி வைத்திருப்பவர்கள் `every 3 months` என்பதற்குப் பதிலாக `every! 3 months` என்று தட்டினால் முடித்த நாளிலிருந்து எண்ணும். அந்த வசதி இல்லாத செயலியில் மறுபடி வருவதை நிறுத்திவிட்டு, சர்வீஸ்காரர் கிளம்பும்போதே அடுத்த தேதியைக் கையால் போட்டுவிடுவது நல்லது.

இனி நிறுத்துவது. சரியான இடத்துக்கு நகர்த்தி ஒரு மாதம் ஓடியும் 'வி' என்றே விழுவதை நிறுத்தலாம். மூன்று மாதம் தொடர்ந்து 'மு' விழுவதையும் நிறுத்தலாம், ஆனால் தவறினால் கண்ணுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்ட பிறகு. அரிசி தீர்ந்தால் டின் சொல்லும், சலவைத்தூள் தீர்ந்தால் பாக்கெட் சொல்லும். அவற்றுக்கு மணி வேண்டாம். மாத்திரை தவறினால் அன்று எதுவும் தெரியாது. ஆகவே அது எத்தனை மாதம் 'மு' வாங்கினாலும் இருக்கட்டும்.

வங்கி தானாகக் கழிக்கும் கட்டணங்களின் "கட்டு" மணியை நிறுத்திவிட்டு, கழிந்ததா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒன்று வையுங்கள். அட்டை காலாவதியாகிப் புதியது வரும்போது பழைய அட்டையில் கட்டிவைத்த கழிப்புகள் சில நின்றுபோகும். துண்டிப்பு அறிவிப்பு வரும்வரை தெரியாது.

நிறுத்தியதை உடனே அழிக்க வேண்டாம். "ஓய்வு" என்று ஒரு பட்டியல் வைத்து, நிறுத்திய தேதியோடு அங்கே போடுங்கள். இரண்டு மாதம் எதுவும் கெடவில்லை என்றால் அழியுங்கள். ஒரே மாதத்தில் நாலைந்துக்கு மேல் மாற்றவும் வேண்டாம். எல்லாவற்றையும் புரட்டிவிட்டால் எந்த மாற்றம் பலித்தது என்று அடுத்த மாதத் தாளில் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வருபவற்றை மேலே சொன்ன குறிகளால் தீர்க்கவே கூடாது. வீட்டு வரி பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நில வரி மே 31, சம்பளக்காரர்களின் வருமான வரிப் படிவம் ஏப்ரல் 30. இவை மற்ற மாதங்களில் ஒலிக்காமல் இருப்பதுதான் சரி. தனிப் பட்டியலில் வைத்து, மாதப் பரிசீலனையில் அடுத்த 60 நாளுக்குள் வருவதை மட்டும் எடுத்து, முன்னவகாசம் போதுமா என்று பாருங்கள். காடியின் ரோட்டெக்ஸ் முடியும் நாளில் ஒலிக்கும் மணியால் பயனில்லை. முதலில் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்கு விலை விசாரிக்க வேண்டும், மூன்று வாரம் முன்பே ஒலிக்கட்டும். பாஸ்போர்ட்டுக்கு எட்டு மாதம் முன்பு வையுங்கள், பல நாடுகள் ஆறு மாதம் செல்லுபடி இருந்தால்தான் உள்ளே விடுகின்றன.

இந்த ஞாயிறு மாத்திரை ஐந்தையும் வீட்டுக் கடனையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குக் குறி மட்டும் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.