பேஸ் மாறும்போது பெர் யூனிட் இம்பிடன்ஸை மாற்றுவது எப்படி?

"ஜெனரேட்டர் 25 எம்விஏ, 10.5 கேவி, 0.2 பியூ. டிரான்ஸ்ஃபார்மர் 40 எம்விஏ, 11/110 கேவி, 0.1 பியூ. அப்படியே கூட்டலாமா?"

கூட்டக் கூடாது, இரண்டும் வேறு வேறு பேஸில் இருக்கின்றன. முதலில் பொது பேஸ் ஒன்றை எடுங்கள்: 100 எம்விஏ, ஜெனரேட்டர் பக்கம் 11 கேவி. அப்புறம் இதைப் போடுங்கள்:

```
Znew = Zold × (Snew/Sold) × (Vold/Vnew)²
```

ஜெனரேட்டருக்கு 0.2 × 4 × (10.5/11)² = 0.729. டிரான்ஸ்ஃபார்மருக்கு வோல்டேஜ் பேஸ் மாறவில்லை, அதனால் 0.1 × 2.5 = 0.25 மட்டுமே, கூட்டினால் 0.979.

பலர் சறுக்குவது வோல்டேஜில்தான்: எம்விஏவில் புதியது மேலே வருகிறது, கேவியில் பழையது மேலே வருகிறது. சந்தேகமா, ஓம்ஸுக்குப் போய்ப் பாருங்கள். ஜெனரேட்டரின் உண்மையான மதிப்பு 0.2 × 10.5²/25 = 0.882 ஓம், புதிய பேஸ் 11²/100 = 1.21 ஓம், வகுத்தால் அதே 0.729 வர வேண்டும். தலைகீழாகப் போட்டிருந்தால் 0.878 வந்திருக்கும்.